முதலாளியின் மெசேஜ்களை வேலை அறிவிப்பாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாளி வரிசையாக மெசேஜ் அனுப்பிவிட்டு "இதை நல்லா எழுதிப் போட்டுடு" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

உடனே எழுத உட்காராதீர்கள். வந்த மெசேஜ் அத்தனையையும், வந்த வரிசையிலேயே, அவருடைய சொல்லை மாற்றாமல் ஒரே பக்கத்தில் எடுத்து வைத்து எண் போடுங்கள். குரல் பதிவாக அனுப்பியிருந்தால் கேட்டு, அதையும் அப்படியே தட்டச்சு செய்துகொள்ளுங்கள். கிண்டலாகச் சொன்னது, சலித்துக்கொண்டது எதையும் விட வேண்டாம், ஏனென்றால் உருப்படியான தகவல் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பட்டறைகளுக்கு இயந்திர உதிரிபாகம் விற்கும் ஆறு பேர் கொண்ட ஒரு நிறுவனம். உரிமையாளர் அனுப்பியது இது:

1. நம்ம ஆபீஸுக்கு அர்ஜென்ட்டா ஒரு ஆல் ரவுண்டர் வேணும்பா. பில்லிங், ஸ்டாக் எல்லாம் பாத்துக்கணும்.
2. நல்ல பையனா, சின்ன வயசா இருந்தா தேவலை. சுறுசுறுப்பா இருக்கணும்.
3. முன்னாடி இருந்தவர் திடீர்னு போயிட்டார். மாசக் கடைசியில எதுவுமே டேலி ஆகல, நானே உக்காந்து எண்ணினேன்.
4. கம்ப்யூட்டர் நல்லா தெரியணும்.
5. கஸ்டமர் போன்ல கத்துவாங்க. பொறுமை வேணும்.
6. டிகிரி இருக்கணும். இல்லன்னாலும் பரவாயில்ல, ஆள் நல்லா இருந்தா.
7. டைம் எல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல. வேலை இருந்தா இருக்கணும், இல்லன்னா கிளம்பிடலாம்.
8. சம்பளம் நேர்ல பேசிக்கலாம். நம்ம குடும்பம் மாதிரிதான் பாத்துப்போம்.
9. யாராவது இருந்தா எனக்கு அனுப்பு, இல்லன்னா தம்பிகிட்ட சொல்லு, நேர்லயும் வரலாம்.

இதைக் கொஞ்சம் மெருகேற்றி, "துடிப்பான, பன்முகத் திறமை கொண்ட நபர் தேவை" என்று போட்டால் முதலாளிக்குப் பிடிக்கும். ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

எந்த வரியை எங்கே சேர்ப்பது என்று எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நான்கு சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: வேலை, தகுதி, நிபந்தனை, புலம்பல். முதல் மூன்றும் வெளிப்படையானவை. பில்லிங் வேலை, டிகிரி தகுதி, நேரமும் சம்பளமும் நிபந்தனை. ஒரே மெசேஜில் இரண்டு வகை கலந்து கிடந்தால் உடைத்துப் போடுங்கள்.

நான்காவது வகையைத்தான் பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். மூன்றாம் மெசேஜைப் பாருங்கள். போனவர் மீது வருத்தம் என்று மேலோட்டமாகத் தெரிகிறது. ஆனால் "எதுவுமே டேலி ஆகல, நானே எண்ணினேன்" என்பதற்குள் ஒரு முழு வேலை இருக்கிறது: அலமாரியில் இருக்கும் சரக்கை எண்ணி, கணினியில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. முதல் மெசேஜில் "ஸ்டாக் பாத்துக்கணும்" என்று போகிற போக்கில் சொன்னதற்கு அர்த்தமே அதுதான், அதைச் செய்ய ஆள் இல்லாமல் அவர் கஷ்டப்பட்டிருக்கிறார். ஐந்தாம் மெசேஜும் இதே வகை. வாடிக்கையாளர் ஏன் கத்துகிறார் என்று கேட்டால் இன்னொரு வேலை வெளியே வரும்.

முதலாளியிடம் திருப்பிக் கேள்வி கேட்டால் எரிச்சல்படுகிறார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

இருபது கேள்வி கொண்ட படிவம் அனுப்பினால் யாருக்கும் எரிச்சல் வரும், பதிலும் "எல்லாம் வழக்கம்போலதான்" என்று வரும். போன் பண்ணி ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள். "என்னென்ன பொறுப்புகள்?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் திரும்ப "எல்லாம்தான்" என்பார். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். ஆள் இல்லாததால் நேற்று அந்த வேலையை யார் பார்த்தார், காலையில் வந்ததும் முதலில் என்ன செய்தார், மதியம் என்ன, எது முடியாமல் நின்றுபோனது. நேற்றைச் சொல்ல யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

நம் உதாரணத்தில் இப்படிக் கேட்டபோது வந்தவை: நாளுக்கு முப்பது பில் வரை போட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சரக்கு வரும், அதை ஆர்டரோடு சரிபார்த்து அலமாரியில் ஏற்ற வேண்டும். போனில் கத்துகிறவர்கள் பெரும்பாலும் தவறான பாகம் போய்ச் சேர்ந்ததற்காகக் கத்துகிறார்கள், அதற்கு மாற்று அனுப்பி, திரும்பி வந்ததைக் கணக்கில் ஏற்ற வேண்டும். கடைசியில், போனை வைக்கப் போகும் நேரத்தில், "ஆங், அப்புறம் பாக்கி வெச்சிருக்கவங்களுக்கு மாசக் கடைசியில போன் பண்ணணும்" என்றார்.

ஒன்பது மெசேஜிலும் இந்தப் பாக்கி வசூல் இல்லை. பணம் கேட்டு போன் செய்வது சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை, சேர்ந்த பிறகு தெரிந்தால் முதல் மாதக் கடைசியிலேயே கிளம்பிவிடுவார்கள். அதனால் போனை வைப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த வேலையில எதை யாருமே செய்ய விரும்ப மாட்டாங்க?" அந்தப் பதில் அறிவிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. அவர் சொல்லாததை நீங்களாக நிரப்பாதீர்கள். மற்ற விளம்பரங்களில் "இரண்டு ஆண்டு அனுபவம்" என்று இருக்கிறதே என்று நீங்களும் சேர்த்தால், அந்த ஒரு வரியைப் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள் யார் என்று யாருக்கும் தெரியவே போவதில்லை. பதில் கிடைக்காத இடத்தைக் காலியாக வைத்து, திரும்பக் கேளுங்கள்.

வேலைகளைப் பட்டியலாக எழுதும்போது எவ்வளவு விவரம் போடுவது?

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன செய்ய வேண்டும், எதை வைத்து, எவ்வளவு அடிக்கடி. "ஸ்டாக் மேலாண்மை" என்பதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. "வாரம் ஒரு முறை அலமாரியில் உள்ள சரக்கை எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் காரணம் கண்டுபிடிப்பது" என்று எழுதினால் மூன்றும் வந்துவிடுகிறது, படிப்பவர் தன்னால் முடியுமா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

வரிசையும் முக்கியம். எதில் அதிக நேரம் போகிறதோ அது முதலில். முதலாளிகள் தங்களுக்குத் தலைவலி கொடுத்ததை முதலில் சொல்வார்கள், அதனால் மெசேஜ் வரிசையை நம்பக் கூடாது. இங்கே மாதக் கடைசிக் கணக்குதான் அவருடைய தலைவலி, ஆனால் சேர்கிறவருடைய நாளில் பாதிக்கு மேல் பில் போடுவதிலும் போனிலும்தான் போகும். அதை அடியில் புதைத்தால், கணக்கு வேலை என்று நினைத்து வந்தவர் ஏமாந்துபோவார்.

ஐந்து முதல் ஏழு வரி வரை போதும். அதற்கு மேல் போனால், ஒன்று ஒரே வேலையை உடைத்து எழுதியிருக்கிறீர்கள், இல்லையென்றால் இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இரண்டாவது என்றால் முதலாளியிடம் பட்டியலைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டல் தொகை வேலை நேரத்தைத் தாண்டினால் அவரே ஒன்றிரண்டை அடித்துவிடுவார்.

"அவ்வப்போது தரப்படும் மற்ற வேலைகள்" என்ற வரியைப் பலர் கடைசியில் ஒட்டுவார்கள். சின்ன நிறுவனத்தில் அது உண்மைதான், ஆனால் எல்லையே இல்லாத வரி. என்ன மாதிரி வேலை என்று கேட்டு அதையே எழுதுங்கள். இங்கே அவர் சொன்னது, டெலிவரி ஆள் வராத நாளில் பக்கத்துப் பட்டறைக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது. மாதத்தில் இரண்டு மூன்று நாள். அதை அப்படியே போடலாம்.

"நல்ல பையனா, சின்ன வயசா" என்று கேட்கிறார். அப்படியே போடலாமா?

கூடாது. வேலைக்கு எடுப்பதில் பாலினம், மதம், இனம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டங்கள் வயதையும் சேர்த்துக்கொள்கின்றன, பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் அப்படிப்பட்டது. விளம்பரத்தை எந்த நாட்டில் போடுகிறீர்களோ அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதலாளியிடம் சட்டம் பேசி நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. "பையன்னு ஏன் சொல்றீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் மனதில் வேறு ஏதோ இருக்கும். இங்கே காரணம், சரக்குப் பெட்டிகள் 15 கிலோ வரை எடை இருக்கும், தூக்கி அலமாரியில் வைக்க வேண்டும். சரி, அதை எழுதுங்கள்: "15 கிலோ வரை உள்ள பெட்டிகளைத் தூக்க வேண்டியிருக்கும்." தூக்க முடிகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும். "சின்ன வயசு" என்பதற்குப் பின்னால் இருந்தது வேறு: முன்பு இருந்தவர் புது மென்பொருளைத் தொடவே மறுத்தாராம். அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. "புதிய பில்லிங் மென்பொருளைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்" என்றால் முடிந்தது.

கல்யாணமானவரா, எந்த ஊர்க்காரர், எந்த ஆட்கள் என்று கேட்கிற வரிகளுக்கும் இதே வழிதான். பின்னால் வேலை சம்பந்தமான காரணம் இருந்தால் அந்தக் காரணம் மட்டும் அறிவிப்பில் வரும். காரணமே இல்லையென்றால் வரியும் இல்லை.

தகுதியில் எதைக் கட்டாயம் என்று போடுவது?

ஆறாம் மெசேஜ் மாதிரி "இருக்கணும், இல்லன்னாலும் பரவாயில்ல" என்று வந்தால் ஒரே கேள்வி போதும்: "இது ஒண்ணு மட்டும் இல்ல, மத்ததெல்லாம் சரியா இருக்கு, அவரைக் கூப்பிட்டுப் பேசுவீங்களா?" பேசுவேன் என்றால் அது கட்டாயம் இல்லை. டிகிரியைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு "பேசுவேன்" என்றார். ஆக, டிகிரி கட்டாயப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. "இருந்தால் நல்லது" பட்டியலில்கூட வைக்க வேண்டுமா என்று பார்த்தோம். பில் போடவும் சரக்கு எண்ணவும் அது எந்த விதத்தில் உதவும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை, அதனால் மொத்தமாக எடுத்துவிட்டோம்.

அடுத்தது, முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதையும் வந்த பிறகு கற்றுக்கொள்ளக் கூடியதையும் பிரிப்பது. "கம்ப்யூட்டர் நல்லா தெரியணும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரியும் என்று யார்தான் சொல்லமாட்டார்? கணினியில் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் இரண்டுதான் வருகிறது. ஒன்று பில்லிங் மென்பொருள், அதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்கிறார். மற்றது எக்செல் பட்டியல், அதில் வரிசைப்படுத்த, வடிகட்ட, கூட்டல் சூத்திரம் போடத் தெரிய வேண்டும், இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே எக்செல் கட்டாயம், பில்லிங் மென்பொருளுக்குப் பயிற்சி தரப்படும்.

பொறுமை, பொறுப்பு, சுறுசுறுப்பு, நேர்மை இவற்றைத் தகுதிப் பட்டியலில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனக்குப் பொறுமை இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் போனவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? "தவறான பொருள் போய்விட்டால் கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளரிடம் பேசி மாற்று ஏற்பாடு செய்வது" என்று வேலைப் பட்டியலில் இருந்தால் பொறுமை வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். மீதியை நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டாயத் தகுதி மூன்று நான்குக்கு மேல் போனால் திரும்ப ஒரு முறை அந்த ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக ஒன்று கழன்றுவிடும்.

சம்பளத்தைப் போட மறுக்கிறார். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடலாமா?

சில இடங்களில் விட முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் வேலை விளம்பரத்தில் ஊதிய விவரம் இருக்க வேண்டும், நியூயார்க் நகரிலும் 2022 முதல் அப்படி ஒரு விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவும், தொடக்க ஊதியத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பிப்பவருக்கு நேர்காணலுக்கு முன்பே தெரிவிக்கச் சொல்கிறது.

சட்டம் இல்லாத இடத்திலும் போட வைப்பது நல்லது. மறுப்பதற்கு முதலாளிகள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். இப்போது வேலையில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்பார்கள் என்ற பயம் ஒன்று. குறைவாகக் கேட்கிற ஆள் கிடைத்தால் லாபம் என்ற நினைப்பு இன்னொன்று. முதல் பயம் நியாயமானது, ஆனால் அந்த விஷயம் எப்படியும் வெளியே வரும், சேர்ந்தவர் இரண்டாம் வாரமே பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு, அந்தக் குறைவான தொகைக்கு ஒத்துக்கொண்டவர் நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விடுவார் என்பதுதான் பதில். முன்பு இருந்தவர் ஏன் திடீரென்று போனார் என்று கேட்டுப் பார்க்கலாம், பதில் சில நேரம் சங்கடமாக இருக்கும்.

அவரிடம் இரண்டு எண் கேளுங்கள்: புதிதாக வருகிறவருக்கு இதற்குக் கீழே தரமாட்டேன் என்பது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதற்கு மேல் முடியாது என்பது. அந்த இரண்டும்தான் வரம்பு. மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காக இருந்தால், அவருக்கு எந்த நிலை ஆள் வேண்டும் என்றே முடிவாகவில்லை என்று அர்த்தம், அதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். எல்லோரும் மேல் எண்ணைத்தான் பார்ப்பார்கள் என்பதால், எந்த அனுபவத்துக்கு எந்த எண் என்று அரை வரி சேர்த்துவிடுங்கள்.

"குடும்பம் மாதிரி" என்ற சொல்லை விட்டுவிடலாம். அதைப் படிக்கிற பலருக்கு, கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது என்றுதான் காதில் விழும்.

வேலை நேரம் "வேலை இருந்தா இருக்கணும்" என்றால் என்ன எழுதுவது?

வழக்கமான நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, வார விடுமுறை எது, எந்த நாட்களில் தாமதமாகும், தாமதமானால் என்ன கிடைக்கும். இந்த நான்கையும் கேளுங்கள். இங்கே வந்த பதில்: காலை 9.30 முதல் மாலை 6.30, ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி இரண்டு நாள் 8 மணி வரை ஆகும். அந்த இரண்டு நாளுக்குக் கூடுதல் ஊதியமா என்று கேட்டதும் சற்று மௌனம். பிறகு "குடுத்துடலாம்" என்றார். அறிவிப்பு எழுதும் சாக்கில் இந்த மாதிரி விஷயங்கள் முடிவாவது ஒரு வசதி.

தலைப்பில் "ஆல் ரவுண்டர்" என்று போட்டால் ஈர்க்காதா?

வேலை தேடுகிறவர் தேடல் பெட்டியில் என்ன தட்டுவாரோ அதுதான் தலைப்பு. "ஆல் ரவுண்டர்" என்று யாரும் தேடமாட்டார்கள். பில்லிங், ஸ்டாக் இரண்டும்தான் பெரும்பகுதி என்பதால் "பில்லிங் மற்றும் ஸ்டாக் உதவியாளர்". நிறுவனப் பெயர், சம்பளம், "அவசரம்" எதுவும் தலைப்பில் வேண்டாம், வேலைத் தளங்களில் அவற்றுக்குத் தனி இடம் உண்டு.

எப்படி விண்ணப்பிப்பது என்ற பகுதியில் என்னென்ன வேண்டும்?

ஒரே வழி. ஒன்பதாம் மெசேஜில் மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் திறந்து வைத்தால் தம்பியிடம் சொன்னவர் பெயர் தம்பியோடு நின்றுவிடும், நேரில் வந்தவரின் தாள் கல்லாப் பெட்டிக்குள் போய்விடும். ஒரு மின்னஞ்சல் முகவரி, இல்லையென்றால் வேலைக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் எண். முதலாளியின் சொந்த எண்ணைப் போடாதீர்கள், அறிவிப்பு எத்தனை மாதம் சுற்றும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், என்ன அனுப்ப வேண்டும் என்பது. இந்த மாதிரி வேலைக்கு வருகிற பலரிடம் சுயவிவரக் குறிப்பே இருக்காது, அதைக் கட்டாயமாக்கினால் நல்ல ஆட்களை இழப்போம். மூன்று கேள்விக்கு இரண்டிரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பச் சொல்லலாம். கேள்விகள் கட்டாயத் தகுதியிலிருந்து பிறக்க வேண்டும், "உங்கள் பலம் என்ன" வகை வேண்டாம். எக்செல்லில் கடைசியாக என்ன பட்டியல் தயாரித்தீர்கள் என்று கேட்டால், வேலை தெரிந்தவரின் பதிலும் தெரியாதவரின் பதிலும் படித்தவுடனே வித்தியாசப்படும்.

கடைசி நாளைத் தேதி, மாதம், ஆண்டோடு எழுதுங்கள். "பத்து நாளுக்குள்" என்று எழுதிய மெசேஜ் பல கை மாறிய பிறகு எந்த நாளிலிருந்து பத்து நாள் என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு என்ன நடக்கும், எப்போது கூப்பிடுவீர்கள் என்பதும் ஒரு வரி.

அடையாள அட்டை நகல், வங்கி விவரம், அசல் சான்றிதழ் எதையும் இந்தக் கட்டத்தில் கேட்காதீர்கள். போலி வேலை விளம்பரம் போடுகிறவர்கள் கேட்பது இவற்றைத்தான், அதோடு "பதிவுக் கட்டணம்" என்று காசும் கேட்பார்கள். கட்டணம் இல்லை என்று நீங்களாகவே ஒரு வரி போட்டுவிட்டால் சந்தேகப்படுகிறவருக்கு நிம்மதி. நிறுவனத்தின் முழுப் பெயரும் முகவரியும் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

எல்லாம் சேர்ந்து கடைசியில் எப்படி இருக்கும்? முழுசாகக் காட்டுங்கள்.

இப்படி. கோடிட்ட இடங்கள் நிறுவனம் நிரப்ப வேண்டியவை.

> பில்லிங் மற்றும் ஸ்டாக் உதவியாளர் (முழுநேரம், 1 இடம்)
>
> பட்டறைகளுக்கு இயந்திர உதிரிபாகம் விற்கும் ஆறு பேர் கொண்ட நிறுவனம் எங்களுடையது. பெயர், முகவரி: ______
>
> வேலை
> - வாடிக்கையாளர் ஆர்டர்களை போனில் வாங்கி பில் போடுவது (நாளுக்கு 30 பில் வரை)
> - வாரம் இரண்டு முறை வரும் சரக்கை ஆர்டரோடு சரிபார்த்து அலமாரியில் வைப்பது
> - தவறான பொருள் போய்விட்டால், கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளரிடம் பேசி மாற்று ஏற்பாடு செய்வது, திரும்பி வந்ததைக் கணக்கில் ஏற்றுவது
> - வாரம் ஒரு முறை சரக்கை எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது
> - மாதக் கடைசியில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு போன் செய்து நினைவூட்டுவது
> - மாதத்தில் இரண்டு மூன்று நாள், அருகில் உள்ள பட்டறைகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது
>
> கட்டாயம் வேண்டியவை
> - எக்செல்லில் வரிசைப்படுத்த, வடிகட்ட, கூட்டல் சூத்திரம் போடத் தெரிய வேண்டும்
> - 15 கிலோ வரை உள்ள பெட்டிகளைத் தூக்க வேண்டியிருக்கும்
> - புதிய பில்லிங் மென்பொருளைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் (ஒரு வாரம் பயிற்சி தருவோம்)
>
> இருந்தால் நல்லது: உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த அனுபவம், இருசக்கர வாகனம்
>
> நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 – மாலை 6.30. மாதத்தின் கடைசி இரண்டு நாள் இரவு 8 வரை, அதற்குத் தனி ஊதியம் உண்டு.
>
> சம்பளம்: மாதம் ______ (புதியவர்) முதல் ______ (இதே வேலையில் மூன்று ஆண்டு பார்த்தவர்) வரை
>
> விண்ணப்பிக்க: ______ என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு உங்கள் பெயரோடு இந்த மூன்றுக்கும் பதில் அனுப்புங்கள்: (1) எக்செல்லில் கடைசியாக என்ன பட்டியல் தயாரித்தீர்கள்? (2) எண்ணிய சரக்கு கணக்கை விட ஐந்து குறைகிறது, முதலில் எங்கே பார்ப்பீர்கள்? (3) எப்போது சேர முடியும்? சுயவிவரக் குறிப்பு இருந்தால் சேர்த்து அனுப்பலாம், கட்டாயம் இல்லை.
>
> கடைசி நாள்: __ / __ / ____. அதற்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பதில் சொல்வோம். எந்தக் கட்டணமும் கிடையாது.

வெளியிடுவதற்கு முன் இதை முதலாளிக்கு அனுப்பி, ஒவ்வொரு வரியும் எந்த மெசேஜிலிருந்து அல்லது எந்த பதிலிலிருந்து வந்தது என்று காட்டுங்கள். எண் போட்டு வைத்தது இதற்குத்தான். "எல்லோருக்கும் பதில் சொல்வோம்" என்பதை அவர் செய்ய மாட்டார் என்று தோன்றினால் "தேர்வானவர்களை மட்டும் அழைப்போம்" என்று மாற்றிவிடுங்கள், செய்யாததை எழுதி வைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் இவ்வளவு நீளமாக யார் படிப்பார்கள்?

குழுவுக்கு ஐந்து வரி போதும்: தலைப்பு, ஊர், நேரம், சம்பளம், கடைசி நாள், கூடவே முழு அறிவிப்புக்கான இணைப்பு. படமாகச் செய்து அனுப்புவது அழகாக இருக்கும், ஆனால் அதில் உள்ள எண்ணை அழுத்தி அழைக்க முடியாது, தேடினால் கிடைக்காது, திரையை வாசித்துக் காட்டும் செயலியை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்குப் பயன்படாமலும் போகலாம். படம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கீழே எழுத்தாகவும் ஒட்டிவிடுங்கள்.

போட்டாயிற்று. சரியாக எழுதியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

வருகிற மெசேஜைப் பாருங்கள். நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டால் அது அறிவிப்பில் இல்லை, அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. உடனே திருத்திவிடலாம், முதல் இரண்டு நாள் திருத்தம் சகஜம். எக்செல் தெரியாதவர்களே வரிசையாக வந்தால் தலைப்பும் முதல் இரண்டு வரியும் பொதுவாக இருக்கின்றன என்று அர்த்தம். யாருமே வரவில்லை என்றால் முதலில் சம்பள வரம்பையும் கட்டாயப் பட்டியலையும் பாருங்கள், சொற்களை மெருகேற்றி அதைச் சரிசெய்ய முடியாது. நேர்காணலுக்கு வந்தவர் "இதைச் சொல்லவே இல்லையே" என்று எதைப் பார்த்துச் சொல்கிறாரோ, அது அடுத்த பதிப்பில் வேலைப் பட்டியலில் ஏற வேண்டும்.

ஆள் கிடைத்துவிட்டது. இனி இந்த அறிவிப்பை என்ன செய்வது?

எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கெல்லாம் எடுத்துவிடுங்கள், இணைப்பு இருந்த பக்கத்தில் "இடம் நிரம்பிவிட்டது" என்று தேதியோடு ஒரு வரி போடுங்கள், ஏனென்றால் பகிரப்பட்ட மெசேஜ்களை நீங்கள் அழிக்க முடியாது. தேர்வாகாதவர்கள் அனுப்பிய விவரங்களை அழித்துவிடலாம், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டில் விதி இருந்தால் அதன்படி. அறிவிப்பின் பிரதி ஒன்றைச் சேர்ந்தவரிடமே கொடுத்து, மூன்று மாதம் கழித்து எந்த வரி உண்மையில் அவர் வேலையில் இல்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை முதலாளி "அர்ஜென்ட்டா ஒரு ஆள் வேணும்பா" என்று அனுப்பும்போது, அந்தத் தாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.